சாரல் படங்களில் எதை அனுப்புவது?

செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்துப் புகைப்படப் போட்டி என்றால் நடுவர் மேசைக்கு எந்தப் படம் அதிகம் வரும் என்று கேட்கவே வேண்டாம். கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், மேலே ரயில், பின்னால் மேகம் மூடிய மலை. 1904இல் திறந்த பாதை, பாலமும் அழகுதான். ஆனால் பத்துப் பேர் ஒரே வளைவில் நின்று எடுத்தால் பத்தும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

எடுத்தவருக்கு இது தெரிவதில்லை. மூன்று மணி நேரம் நனைந்தபடி ரயிலுக்குக் காத்திருந்தது அவர் கண்ணுக்குப் படத்தோடு சேர்ந்தே தெரிகிறது. நடுவருக்கு அந்த மழை தெரியாது. முதல் சுற்றில் ஒரு படத்துக்குச் சில வினாடிதான் கிடைக்கும்.

அதனால் எடுத்த கையோடு தேர்ந்தெடுக்காமல் இரண்டு மூன்று வாரம் கிடப்பில் போடுவது நல்லது. பிறகு எல்லாவற்றையும் கணினியில் தபால்தலை அளவுக்குச் சுருக்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்த அளவிலும் கண்ணை இழுப்பதை மட்டும் எடுத்து வைத்து, இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். பழகிய படம் புதிதாகத் தெரியும். ஓரத்துக் குறைகள் அப்போதுதான் குத்தும்.

புளியரை வயலில் நாற்று நடவுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்கள் எல்லோரும் குனிந்திருக்க, ஒருவர் மட்டும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நிற்கிறார். ரயில் படத்தைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் பார்த்தவுடன் இடுப்பு வலி புரிகிறது, தலைப்பு தேவையில்லை. திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கை ஒன்றும், வரப்பில் வெள்ளை உரச்சாக்கும் தெரிகின்றன. சாக்கை அழிக்கத் தோன்றும். பொருளை நீக்குவதைப் பல போட்டிகள் ஏற்பதில்லை, விதியைப் படித்துவிடுங்கள். ஓரத்தை வெட்டினாலே இரண்டும் போய்விடும்.

எவ்வளவு வெட்டலாம்? 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 புள்ளி. வெட்டியபின் 4500 நின்றால், 18 அங்குல அகலப் பிரிண்டில் அங்குலத்துக்கு 250 புள்ளி வரும், தாராளம். தூரத்துக் கொக்கைப் பெரிதாக்க 2000 வரை வெட்டினால் 111தான். கொக்கின் கண் குழைந்துவிடும். அந்தப் படத்தை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

மிஞ்சியதை 12க்கு 18 போடும்முன் 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துத் திருத்தியிருந்தால் சாரல் நாளின் பச்சை தாளில் கறுத்துப் போகும். முதலில் கறுப்பது குனிந்த முகங்கள்தான்.