அத்தை, அந்த லாட்டரிப் பணம் வராது

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய லாட்டரி லிங்க்கைப் பார்த்தேன். அது முழுக்க முழுக்கப் பொய். அவர்கள் கேட்கும் கட்டணத்தை அனுப்பாதீர்கள், அந்த மெயிலுக்குப் பதிலும் போடாதீர்கள். நான் அலைந்து தெரிந்துகொண்டதை இனி விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

"பார்க்க அசல் மாதிரியே இருக்கே" என்றீர்கள். இருக்கத்தான் செய்யும். அசல் தளத்தின் லோகோவையும் படங்களையும் நகலெடுக்கப் பத்து நிமிடம் போதும். அதனால் பக்கத்தின் அழகைப் பார்க்காதீர்கள், மேலே இருக்கிற முகவரியைப் பாருங்கள். உங்களுக்கு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது (யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்று பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
https://official-lottery.com.prize-claims.example/winner
```

நீங்கள் இடமிருந்து படித்தீர்கள், `official-lottery.com` கண்ணில் பட்டதும் நம்பிவிட்டீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். `https://` என்பதைத் தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதை ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் சொந்தக்காரர் பெயர். இங்கே அது `prize-claims.example`. அதற்கு முன்னால் அவர் என்ன பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தையும் சொன்னீர்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை. அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்து அந்தப் பெயரை `lookup.icann.org` பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். எந்தப் பெயர் எப்போது பதிவானது என்று அங்கே தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரிசு வழங்குவதாகப் பெருமை பேசிய தளத்துக்கு `Created` என்ற வரியில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். தேதி புதிதாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் பழையதாக இருப்பதால் நம்பிவிட முடியாது. பழைய பெயர்களை விலைக்கு வாங்கியும் ஏமாற்றுகிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் தனியாகத் திறந்து அந்தப் பக்கத்தையும் சோதித்தேன். நீங்கள் செய்ய வேண்டாம். 'சீட்டு எண்ணைச் சரிபார்க்க' என்றொரு பெட்டி இருக்கிறதல்லவா, அதில் மனம் போனபடி எண்களைத் தட்டினேன். எனக்கும் பரிசு! உங்களுக்குச் சொன்ன அதே தொகை. உங்களைப் பதறவைத்த அந்தக் கடிகாரம் இருக்கிறதே, 'இன்னும் பத்து நிமிடம்' என்று ஓடிக்கொண்டிருப்பது, பக்கத்தை மறுபடி ஏற்றியதும் திரும்பப் பத்திலிருந்து ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கடிகாரத்துக்குப் பயந்து நீங்கள் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறீர்கள்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். அரட்டைப் பெட்டியில் இருந்தவரிடம், "கட்டணத்தைப் பரிசுத் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று கேட்டேன். "காப்பீட்டு விதிப்படி பரிசுப் பணத்தைத் தொட முடியாது, முதலில் நீங்கள் கட்ட வேண்டும்" என்று பதில் வந்தது. அத்தை, இந்த ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வையுங்கள். அசல் லாட்டரியில் பரிசை வாங்க நீங்கள் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வரி உள்ள நாடுகளில் பரிசிலேயே பிடித்துக்கொள்வார்கள், அல்லது பணம் வந்த பிறகு நாம் நேராக அரசாங்கத்துக்குக் கட்டுவோம். யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கோ, பரிசு அட்டையின் எண்ணாகவோ யாரும் வரி கேட்க மாட்டார்கள். இதைக் கட்டினால் அடுத்து வழக்கறிஞர் கட்டணம், அதைக் கட்டினால் பணப் பரிமாற்றச் சான்றிதழ் என்று நீண்டுகொண்டே போகும். இத்தனைக்கும் நீங்கள் அந்தச் சீட்டை வாங்கவே இல்லை. வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும்?

பணம் போகவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் வங்கிக் கணக்கு எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்துவிட்டீர்கள். அதற்காக உங்கள் வங்கியைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு, "கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். உங்கள் கணக்கைப் பற்றி என்னிடம் பேசக் கூடாதுதான், அது நியாயம். நீங்கள் எந்தப் பிரிவிடம் பேச வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாமே, அதுகூட இல்லை. நீங்களே கூப்பிட்டு, 'மோசடி புகார்ப் பிரிவு' வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். எண்ணை கார்டின் பின்பக்கம் பார்த்துப் போடுங்கள், இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல் போன விஷயத்தைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

தளத்தை மூடவைக்க, அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். புகார் முகவரி அதே ICANN பக்கத்தில் இருக்கிறது. "ஆதாரம் போதாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் இதுதான்: மெயில் எந்த வழியாக வந்தது என்ற விவரம் அதன் தலைப்பகுதியில் மறைவாக இருக்கும். ஒருவர் வழக்கம்போல ஃபார்வர்டு செய்தால் அந்த விவரம் போய்விடும். என்னிடம் இருந்தது உங்கள் பெயரில் வந்த ஃபார்வர்டு மட்டும்தானே! அதற்காகத்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியில் `Show original` என்பதை அழுத்தி, கோப்பை இறக்கி அனுப்பச் சொன்னேன். அதையும் அந்தத் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சேர்த்து மறுபடி அனுப்பியதும் தளத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த முகவரியில் எதுவும் வருவதில்லை. ஆனால் அதே பக்கத்தை நாளைக்கே வேறு பெயரில் போடுவார்கள், அதனால் மேலே சொன்னதை மறக்காதீர்கள். அந்த மெயிலை அழிக்கவும் வேண்டாம், போலீஸ் புகாருக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று நீங்கள் சொன்னது மனதை உறுத்துகிறது. அந்த மெயிலிலும் 'பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒருவரிடம் சொன்னாலும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் உங்களைத் திட்ட மாட்டார்.

கூடிய சீக்கிரம் வேறொருவர் கூப்பிடலாம். "உங்களை லாட்டரியில் ஏமாற்றினார்களாமே, நாங்கள் மீட்டுத் தருகிறோம்" என்பார், போலீஸ் என்றோ வக்கீல் என்றோ சொல்வார். உங்கள் பெயரும் எண்ணும் இப்போது அவர்கள் பட்டியலில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள்.

நாளைக் காலை வங்கி திறந்ததும் கூப்பிடுங்கள். பேசி முடித்ததும் அவர்கள் தரும் புகார் எண்ணை எனக்கு அனுப்பிவிடுங்கள் அத்தை.

அன்புடன்,
உங்கள் மருமகள்