மூன்று என்று படித்த எழுத்து: ஒரு பழைய கேமராவை போட்டோவிலிருந்து அடையாளம் கண்டது

போன மாதம் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கீழே ஒரு வரி: “மச்சான், அப்பாவோட லைக்கா கிடைச்சிருக்கு. லைக்கா 3. மேலயே 3-னு போட்டிருக்கு பாரு.” லைக்கா ஒரு ஜெர்மன் கேமரா. மாமா இறந்து பல வருடம் ஆகிறது. பரணில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது தோலுறைக்குள் இருந்ததாம்.

பழைய 35 மி.மீ. கேமராக்களைப் பார்த்து இன்னது என்று சொல்லப் பழகத் தொடங்கி எனக்கு இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை நான் பார்த்தவை எல்லாம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவை. இது வேறு ஊரில் இருக்கிறது, என் கையில் இருப்பது போட்டோ மட்டும். அதனால் என்ன பார்த்தேன், எங்கே தவறினேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இன்னொன்றும் செய்தேன். “கேமரா மாமாவுக்கு எப்படி வந்தது என்று இப்போது சொல்லாதே, முடிந்த பிறகு கேட்கிறேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கதை முதலில் காதில் விழுந்துவிட்டால் கண் அதற்கு ஏற்றபடிதான் தேடும்.

முதல் போட்டோ முன்பக்கம், சற்று மேலிருந்து, ஃபிளாஷ் போட்டு எடுத்தது. மேல்தட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகப் பொங்கியிருந்தது. அதன் ஓரத்தில் 3 போன்ற ஒரு வளைவு மட்டும் தப்பியிருந்தது. உருவம் மட்டும் தெளிவு: இரண்டு ஓரமும் உருண்டையான உடல், மேலே படிபோல உயர்ந்த, தூரம் பார்த்துக் குவியம் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் வீடு, அதில் இரண்டு வட்டக் கண்களும் நடுவில் ஒரு சதுரக் கண்ணும், கீழே உள்ளே தள்ளி மடக்கக்கூடிய குழாய் லென்ஸ். 1932-ல் வந்த லைக்கா 2 கொண்டுவந்த உருவம் இது. சிக்கலும் அதில்தான். சோவியத் நாட்டில் கார்க்கிவ் நகரத்து ஃபெட் 1934 முதலும், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் சோர்க்கி 1948 முதலும் இதே உருவத்தில் வந்தன. ஜப்பானிலும் இதைப் பார்த்துச் செய்தார்கள். ஆகவே உருவம் குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

அன்று இரவே ஒரு முயற்சி செய்து வீணானது. 1940-ல் வந்த லைக்கா 3சி, அதற்கு முந்தைய உடல்களைவிட 2.8 மி.மீ. நீளம். லென்ஸ் வளையத்தின் அகலத்தை அளவுகோலாக வைத்து, திரையில் உடலின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை அளந்து மூன்று விடை வந்தது. லென்ஸ் உடலைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. போனைக் கிட்டே வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறியதாகவும் விழும். 133 மி.மீ. உடலில் 2.8 மி.மீ. என்பது நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டு பங்கு இந்தக் கோணலுக்குள் காணாமல் போய்விடும். கிட்டத்துப் போட்டோவை வைத்து நீளம் அளப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சரி, அளவு வேண்டாம், உறுப்புகளைப் பார்ப்போம் என்று மறுநாள் உட்கார்ந்தேன். முதல் கேள்வி: லைக்கா 3 என்றால் முன்பக்கத்தில் ஒரு சின்ன வட்ட டயல் இருக்க வேண்டும். ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான ஷட்டர் வேகங்களுக்கானது அது. 1933-ல் வந்த லைக்கா 3-ஐ 2-லிருந்து பிரித்துக்காட்டுவதே அதுதான். படம் பார்ப்பவருக்கு இடது பக்கம், பிலிம் சுற்றும் குமிழ் இருக்கும் பக்கத்தில், லென்ஸுக்கு மேலே அது இருக்கும். போட்டோ கண்ணாடிபோல இடவலம் மாறி விழவில்லை என்பதைச் சுற்றும் குமிழை வைத்தே சரிபார்த்துக்கொண்டேன். கேமராவைப் பிடிப்பவரின் வலது கைப்பக்கம் இருக்கும் அந்தக் குமிழ், எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். தெரிந்தது. டயல் இருக்க வேண்டிய இடம் வெறும் உலோகம்.

ஆக, லைக்கா 3 இல்லை. அந்தக் காலத்துத் திருகு லென்ஸ் லைக்காக்களில் மாடல் எண்ணை மேலே பொறிக்கும் வழக்கமும் இல்லை. அப்படியானால் அந்த 3 என்ன?

இதை எழுதி அனுப்பினேன். மச்சானுக்கு மனசு வரவில்லை. “அப்பா அதை லைக்கானுதான் சொல்லுவாரு” என்றான். அதில் தவறில்லை, இன்னும் லைக்கா 2 ஆக இருக்க இடம் உண்டு, வேறு போட்டோ வேண்டும் என்றேன். கேட்டது மூன்று: ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், மேலிருந்து சாய்வாக ஒன்று, பின்பக்கம் ஒன்று, லென்ஸின் முகம் ஒன்று. மேலிருந்து எடுக்கும் முன் குமிழை ஒரு முறை நிற்கும்வரை சுற்றிவிடச் சொன்னேன். இந்த வகைக் கேமராக்களில் ஷட்டர் ஓடும்போது வேக டயலும் சேர்ந்து சுழலும். சுற்றி வைத்த பிறகுதான் டயலில் உள்ள எண் குறிக்கு நேராக நிற்கும். சுற்றாத கேமராவின் போட்டோவில் டயல் இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பதைப் பார்த்து, பழுது என்று நானே ஒரு முறை தவறாக எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. பின்பக்கப் படத்தில் கண் வைத்துப் பார்க்கும் துளைகள் இரண்டும் விலகி நின்றன. 1938-ல் லைக்கா 3பி வந்தபோது இந்த இரண்டையும் ஒட்டினாற்போல வைத்தார்கள். மெது டயல் இல்லாமல் போருக்குப் பின் வந்த 2சி, 2எஃப் இரண்டிலும் அவை ஒட்டியே இருக்கும். ஆகவே லைக்காவில் மிச்சம் பழைய 2 மட்டும்தான்.

லென்ஸின் முகத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். லென்ஸ் திறப்பைச் சொல்லும் எண்ணில் 3,5 என்று புள்ளிக்குப் பதிலாகக் கால்புள்ளி போட்டிருந்தது. ரஷ்ய வழக்கம், முடிந்தது வேலை என்று நோட்டில் எழுதிவிட்டேன். பிறகு வேறொரு லைக்காவின் எல்மார் லென்ஸ் படத்தைப் பார்த்தால் அதிலும் 3,5 தான். ஜெர்மானியரும் பின்னத்துக்குக் கால்புள்ளிதான் போடுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு வளையத்தைச் சுற்றி இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில என் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல ஓர் எழுத்து, அடுத்து 22. கொஞ்சம் தள்ளி, வாசல் நிலைபோல இரண்டு காலும் மேலே குறுக்குச் சட்டமுமாக, சிவப்பு நிறத்தில் இன்னொரு எழுத்து. முதலாவது இன்டஸ்டார்-22 என்ற சோவியத் லென்ஸின் பெயர். சிவப்பு எழுத்து, கண்ணாடியில் எதிரொளி குறைக்கும் பூச்சு உண்டு என்பதற்கான ரஷ்யக் குறி.

ஆனால் இது லென்ஸ், உடல் இல்லை. இந்தக் குடும்பத்தில் லென்ஸ்கள் 39 மி.மீ. திருகில் ஏறுபவை, ஒன்றுக்கு மற்றொன்று மாறும். சோவியத் லென்ஸ் மாட்டிய உண்மையான லைக்காவும் உலகத்தில் உண்டு. லென்ஸைப் படித்து உடலுக்குப் பெயர் வைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

உடலைத் தீர்த்தது வேக டயல். ஜன்னல் வெளிச்சத்தில் எண்கள் அழகாகத் தெரிந்தன: 25, 50, 100, 250, 500. லைக்கா 2-ன் டயலில் இருப்பது 20, 30, 40, 60, 100, 200, 500. அங்கே 250 கிடையாது. தேய்ந்த டயலில் 200-ஐ 250 என்று படித்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தால், 100-க்குக் கீழே எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். இதில் இரண்டு, லைக்கா 2-ல் நான்கு. இடைவெளி தெரியும் அளவுக்குப் படம் இருந்தால், எண்ணைப் படிக்க முடியாவிட்டாலும் இதைச் சொல்லிவிடலாம். எனக்கு இந்த முழுத் தேடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் அந்த 3. ஃபிளாஷ் இல்லாத படத்தில் பெயர் முழுதும் சாய்ந்த கையெழுத்தாகத் தெரிந்தது. 3 என்று மச்சான் படித்தது ரஷ்ய மொழியின் ‘ஸ’ ஒலி எழுத்து, பார்க்க அச்சு அசலாக 3 போலவே இருக்கும். சோர்க்கி என்ற சொல்லின் முதல் எழுத்து. கூடவே ஒளிக்கதிர் உடைந்து போகும் பட்டகத்தின் சின்னம், கிராஸ்னகோர்ஸ்க் ஆலையுடையது. ஃபெட்டாக இருந்தால் அங்கே மூன்றே எழுத்து நின்றிருக்கும்.

பெயரே தெரிந்த பிறகு மீதி எதற்கு என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. பொறிப்பை நம்ப முடியாத கேமரா வகை இது. சோர்க்கி, ஃபெட் உடல்களில் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு லைக்கா என்று புதிதாகப் பொறித்து, தங்க நிறம் பூசி விற்பது பல வருடமாக நடக்கிறது. எழுத்தை மாற்றுவது சுலபம். உள்ளே இருக்கும் உறுப்பை மாற்றுவது கடினம். அதனால் கடைசியாக ஒரு படம் கேட்டேன். குவியத்தை மிகத் தொலைவுக்கான குறியில் பூட்டிவிட்டு, லென்ஸை முழுதாகக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றி, அந்த வாய்க்குள் எடுத்த படம். மேல் விளிம்பில் ரேஞ்ச்ஃபைண்டருக்குச் செய்தி கொண்டுபோகும் சின்னக் கை தெரியும். லைக்காவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் இருக்கும். சோர்க்கியிலும் ஃபெட்டிலும் சக்கரம் இல்லாமல் ஒரே உலோகத்துண்டு, ஒரு பக்கம் கூர்ந்த துளி வடிவில் இருக்கும். வந்த படத்தில் துளிதான் இருந்தது. லென்ஸ் கழற்றியிருக்கும்போது விரலை உள்ளே விடாதே, ஷட்டர் திரை துணி என்று இரண்டு முறை எழுதி அனுப்பினேன்.

வருடத்தைப் பொறுத்தவரை நான் எல்லை போட்டு நிறுத்திக்கொண்டேன். இந்த முதல் சோர்க்கி 1956 வரை வந்தது. தொடக்கத்தில் அதிலும் லைக்கா 2-ன் வேக வரிசைதான். 25, 50 வரிசை பிற்பாடு வந்தது. ஆகவே 1950-களின் முதல் பாதி அல்லது நடுப்பகுதி.

இதை முடித்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன். “மாமாவுக்கு அது எப்படி அத்தை வந்தது?” என்றேன். மாமா பிலாய் இரும்பாலையில் வேலை பார்த்தவர். 1955 ஒப்பந்தப்படி சோவியத் உதவியோடு எழுந்த ஆலை அது. “அங்க ஒரு ரஷ்யாக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இவருகிட்ட வித்துட்டுப் போனாருப்பா. என்ன விலைனு என்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லல” என்றார் அத்தை.

தோலுறைக்குள் வைக்க ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்: சோர்க்கி, முதல் மாடலின் பிந்தைய தயாரிப்பு, லென்ஸ் இன்டஸ்டார்-22, பூச்சு உள்ளது, லென்ஸும் உடலும் சேர்ந்தே வந்தவை என்பதற்குச் சான்று இல்லை. அடுத்த வாரம் நேரில் போகிறேன். லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து, திரையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கறுப்பு வெள்ளை பிலிம் போட்டு அத்தையை எடுக்கப் போகிறோம்.