லீசிங்கோடு இருந்த பட்டா ஒன்றை வாங்கிய கதை

களுவாஞ்சிகுடியில் எங்களுக்கு மரக்கறிக் கடை. சந்தையிலிருந்து சாமான் ஏற்ற டிமோ பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று தேவைப்பட்டது. அக்கரைப்பற்றில் ஒன்று விலைக்கு நிற்பதாக மச்சான் சொன்னான். விலை 15 இலட்சத்து 25 ஆயிரம். வண்டி பார்க்க நல்லாக இருந்தது, டயர் நான்கும் புதிது. விற்கிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், மரியாதையாகப் பேசினார். "லீசிங்ல இன்னும் ஏழு தவணைதான் தம்பி இரிக்கு, நீங்க கட்டிட்டு எடுத்தா சரி" என்றார்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். மடித்து மடித்துக் கிழியப் போகிற ஒரு போட்டோ கொப்பியைத் தந்தார். அதில் பதிவு உரிமையாளர் என்று இருந்தது உஹனவைச் சேர்ந்த வேறொருவரின் பெயர். கடன் தீரும்வரை வண்டிக்கு உரித்துள்ளவரைக் குறிக்கும் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர். உஹனக்காரர் லீசிங்கில் எடுத்த வண்டியை இவர் ஓபன் பேப்பரில், அதாவது உரிமையைத் தன் பெயருக்கு மாற்றாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கி, அவருடைய பெயரிலேயே தவணை கட்டி வந்திருக்கிறார். எங்கள் பக்கம் இது சர்வசாதாரணம். ஆனால் வாங்குகிறவனுக்கு இதில் இரண்டு ஆட்களோடும் ஒரு கம்பனியோடும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது, முன்னால் நிற்கிறவரோடு மட்டும் இல்லை.

அன்றிரவே motortraffic.gov.lk தளத்தின் வாகன விபரப் பகுதியில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். முழு உரிமையாளர், எஞ்சின் இலக்கம், வண்டியின் வகை, உற்பத்தி ஆண்டு எல்லாம் வந்தன, கொப்பியோடு ஒத்துப்போயின. அந்தப் பக்கம் காட்டுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்ததை மட்டும்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கம்பனிக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை பிந்தியிருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. இன்னொரு வகைக் கடனும் வராது. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட பத்திரங்களையும் ஒருவரிடம் கொடுத்து வட்டிக்குக் காசு எடுப்பார்களே, அது எந்தப் பதிவிலும் ஏறாது. முழு உரிமையாளர் இடம் வெறுமையாக இருக்கும், வண்டி சுத்தம் என்று நாம் நினைப்போம், புத்தகம் மட்டும் யாருடையவோ அலுமாரியில் இருக்கும். அதனால் லீசிங் இல்லாத வண்டியென்றால் மூலப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்க மாட்டேன். "புத்தகம் கொழும்பில இரிக்கு, அடுத்த கிழமை வரும்" என்றால் அடுத்த கிழமையே காசைப் பற்றிப் பேசலாம்.

இங்கே புத்தகம் லீசிங் கம்பனியில் இருப்பது சரியான இடம்தான். ஆகவே கேட்க வேண்டியது கம்பனியைத்தான். கல்முனைக் கிளைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தக்காரர் வராமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். அவள் சொன்னது நியாயம். கம்பனிக்கு உஹனக்காரரைத்தான் தெரியும். வண்டியை இவருக்குக் கைமாற்றியதே ஒப்பந்தத்துக்கு மாறான வேலை, அதனால் இவர் கட்டிய தவணை ரசீது எத்தனை இருந்தாலும் இவருக்கு அங்கே குரல் இல்லை. இந்த இடத்தில்தான் பல பேர் "பரவாயில்லை, அவர் சொன்ன கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நான் உஹனக்காரரை அழைத்து வரச் சொன்னேன். அவர் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போடச் சம்மதமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும் அல்லவா. பதிவு உரிமையாளர் இறந்துபோயிருந்தால் அவர் எப்போதோ கையெழுத்திட்ட ஓபன் பேப்பர் பயன்படாது, வாரிசுகளோடும் நீதிமன்றத்தோடும்தான் அலைய வேண்டும்.

அவர் வந்தார். சிங்களத்தில் மச்சான்தான் பேசினான். மனிதருக்கும் இந்த வண்டி தன் பெயரிலிருந்து போனால் போதும் என்றிருந்தது. அவர் எழுதிக் கொடுத்ததும் கடனை முழுதாகத் தீர்ப்பதற்கான கணக்குக் கடிதம் ஒன்றைக் கம்பனி தந்தது. அதில் ஏழு தவணை உண்மைதான், ஆனால் அவை இனிமேல் வரப்போகும் ஏழு. மாதம் 28,500 படி கூட்டினால் 1,99,500. முன்கூட்டியே கட்டுவதால் வட்டி குறைந்து அது 1,86,000 ஆகியிருந்தது. அதற்குக் கீழே, பிந்திய தவணை நான்கு, 1,14,000. தாமத வட்டியும் கட்டணங்களும் 31,500. மொத்தம் 3,31,500. கடிதத்தில் அந்தத் தொகை எந்தத் திகதிவரை செல்லும் என்றும் போட்டிருந்தது. அதற்குப் பிறகு போனால் வட்டி ஏறிவிடும், புதுக் கடிதம் எடுக்க வேண்டும்.

விற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம் இறுகிப் போச்சு தம்பி." நான்கு தவணை பிந்திய வண்டியைச் சீஸ் பண்ண வருகிறவர்களுக்கு அது யாருடைய முற்றத்தில் நிற்கிறது என்பது பிரச்சினையே இல்லை. நான் காசைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் என் கடை வாசலில் வைத்தே தூக்கியிருப்பார்கள்.

அபராதத்தைப் பற்றியும் விசாரித்தேன். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வண்டி இலக்கத்தைப் போட்டு அபராதம் பார்க்கச் சொன்னார். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வீதியில் பொலிஸார் எழுதும் தண்டப்பணம் சாரதியோடு போகிறது. அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தற்காலிகப் பத்திரம் கொடுப்பார்கள், 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும், தவறினால் அடுத்த 14 நாட்களுக்குள் இரட்டிப்பாக, அதையும் விட்டால் நீதிமன்றம். முந்தைய சாரதி கட்டாமல் விட்டது வண்டியைப் பிடிக்காது. கொழும்பில் 2024 ஜனவரியில் கமரா வைத்துப் பிடிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குற்றங்களுக்கான கடிதம் மட்டும் பதிவு உரிமையாளரைத் தேடிப் போகிறது. இந்தப் பட்டா கொழும்புப் பக்கம் போனதே இல்லை என்றார் விற்கிறவர், உஹனக்காரருக்கும் அப்படி எந்தக் கடிதமும் வந்திருக்கவில்லை.

வண்டியோடு ஒட்டியிருப்பவை வேறு இரண்டு. ஒன்று வருமான அனுமதிப்பத்திரம். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்ததில் திகதி எப்போதோ முடிந்திருந்தது. பிரதேச செயலகத்தில் இலக்கத்தைச் சொன்னதும் நிலுவையையும் தாமதத் தண்டத்தையும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் காப்புறுதி, புகைச் சான்றிதழ், லொறி வகை என்பதால் தகுதிச் சான்றிதழ் என்று எல்லாம் வேண்டும். இவை எதுவும் வண்டியில் நடப்பில் இல்லை. இந்தச் செலவு முழுவதையும் விலையில் கழிக்கச் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

மற்றது வழக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன், ஏனென்றால் எங்கள் மாவட்டங்களில் பட்டா, லொறி, உழவு இயந்திரம் எல்லாம் அனுமதியில்லாத மணல், மரம், மாடு என்று மாட்டுப்படுகிற வாகனங்கள். நீதிமன்றம் பிணை முறியில் விடுவித்த வண்டி வீதியில் சாதாரணமாகத்தான் ஓடும். ஆனால் வழக்கு முடியும்வரை அழைக்கும்போது கொண்டுபோய்க் காட்ட வேண்டும், முடிவில் அரசுடைமையாகவும் போகலாம். உரிமை மாற்றக் கூடாது என்று நீதிமன்றம் திணைக்களத்துக்கு அறிவித்திருந்தால் பத்திரங்கள் அங்கே போய் நின்றுவிடும். அக்கரைப்பற்றிலும் உஹனவிலும் பொலிஸில் தெரிந்தவர்கள் மூலம் கேட்டோம், எதுவும் இல்லை என்றார்கள். பிறகு வண்டியடியில் ஒரு சிறு வேலை. செசி இலக்கத்தின் மேலிருந்த சேற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் விழுந்தன, பக்கத்தில் அரம் போட்ட தடம் இல்லை. இருக்கையைத் தூக்கி எஞ்சின் இலக்கத்தையும் பார்த்தேன். இரண்டும் கொப்பியில் உள்ளதுதான்.

காசு கொடுக்கிற நாளில் மூன்று பேரும் கல்முனைக் கிளையில் இருந்தோம். 3,31,500 ரூபாயை நானே அந்த ஒப்பந்த இலக்கத்துக்குக் கட்டி ரசீதை என் கையில் வாங்கினேன். விற்கிறவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்கிற பேச்சே எடுக்கவில்லை. மீதியில் அனுமதிப்பத்திரச் செலவைக் கழித்து, ஒரு இலட்சத்தை உரிமை மாறும்வரை நிறுத்திவைப்பதாகச் சட்டத்தரணி முன்னால் எழுதிக்கொண்டோம். உஹனக்காரர் தனக்கு வண்டியில் உரித்து இல்லை என்று அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பனி கணக்கை மூடி, மூலப் புத்தகத்தையும் முழு உரிமையை நீக்கச் சொல்லித் திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்தையும் தந்த பிறகுதான் பெரிய தொகை கைமாறியது. அவர்கள் வைத்திருந்த மற்றச் சாவியும் ஒரு கடித உறைக்குள் கிடந்தது. அதைக் கேட்டு வாங்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

உரிமை மாற்றப் படிவங்களில் எம்டிஏ 6 விற்கும் பதிவு உரிமையாளர் போடுவது, எம்டிஏ 8 வாங்குகிறவர் போடுவது. 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஓபன் பேப்பரில் வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விடுவார்கள். நான் என் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பி, உஹனக்காரர் அடையாள அட்டையில் போட்டதுபோலவே கையெழுத்துப் போடுகிறாரா என்று பார்த்தேன். முதல் தாளில் அவசரத்தில் சுருக்கிப் போட்டுவிட்டார். கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் கொழும்பிலிருந்து திரும்பி அவரைத் தேடி உஹனவுக்குப் போக வேண்டி வரும். ஆகவே வேறு தாளில் மறுபடி போடவைத்தேன். எம்டிஏ 6 இல் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்தேன், நாளைக்கு ஏதாவது கடிதம் அவர் வீட்டுக்குப் போனால் காட்டுவதற்கு.

இரவு பஸ்ஸில் போய் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்தில் கொடுத்தேன். நீக்கல் கடிதமும் உரிமை மாற்றமும் ஒன்றாகவே போயின. புதுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் இடம் காலியாக, பதிவு உரிமையாளர் இடத்தில் என் பெயர் வந்ததைப் பார்த்த பிறகு அக்கரைப்பற்றுக்காரரின் அந்த ஒரு இலட்சத்தை வங்கியில் போட்டேன். காப்புறுதியை என் பெயரில் எடுத்து, புகை, தகுதிச் சான்றிதழ்களோடு அனுமதிப்பத்திரத்தையும் எடுத்தாயிற்று. பட்டா இப்போது அதிகாலையில் சந்தைக்குப் போய் வருகிறது. பின்பக்க விளக்கு ஒன்றுதான் இன்னும் மாற்றக் கிடக்கிறது.