ஓரத்தில் எழுதிய முதல் சொற்கள்

மாத இதழ் ஒன்றில் பிழை திருத்தும் வேலை எனக்கு. போன வருடம் பனையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது என்று சொன்னால் பொய். நன்றாக இருக்கிறதே என்று பாதி படித்த பிறகு, என்ன படித்தோம் என்பது நினைவில் நிற்காததுதான் உறுத்தியது.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் ஓரத்தில் எழுதினேன். இது, இது, மேலும், இதனால், இது, மேலும், இவ்வாறு. பத்திகளும் அப்படியே. பதநீர், நுங்கு, கிழங்கு, ஓலை, கருப்பட்டி என ஐந்து பத்தி, ஒவ்வொன்றும் நான்கு வாக்கியம். 'பதநீர் என்பது' என்று ஆரம்பித்து, இரண்டு நன்மை சொல்லி, 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று முடிந்தது. பதநீரை எடுத்துவிட்டு நுங்கை வைத்தாலும் அதே பத்திதான்.

பனையை அறிந்தவர் ஐந்துக்கும் சமமாக இடம் ஒதுக்கமாட்டார். பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும் என்பதில் ஆரம்பித்து, காய்ச்சும்போது பதம் தவறினால் என்ன ஆகும், சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி எப்படி எழும் என்று போய்க்கொண்டே இருப்பார். ஓலையை ஒரு வரியில் தாண்டிவிடுவார். தெரிந்த இடத்தில் நீளும், தெரியாத இடத்தில் சுருங்கும், அதனால் பத்திகளின் அளவு தாறுமாறாக இருக்கும். இந்தக் கட்டுரைக்கு ஐந்தும் ஒரே தூரத்தில் இருந்தன.

எழுதி அனுப்பியவரிடம் கேட்டேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கேட்டு வாங்கியது என்று ஒப்புக்கொண்டார்.

இப்படி வருவதற்குக் காரணம் உண்டு. அந்த மென்பொருளுக்குள் இருந்து எழுதுவதை மொழி மாதிரி என்பார்கள்; அது ஒவ்வொரு சொல்லையும் அதுவரை எழுதியதைப் பார்த்துத்தான் தேர்கிறது. முதல் பத்தி ஒரு வடிவத்தில் அமைந்துவிட்டால், அடுத்ததும் அதே வடிவத்தில் வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது. இரண்டு முறை வந்தது மூன்றாவது முறை இன்னும் எளிதாக வரும். ஒழுங்காகப் பகுத்த பதில்களை மனிதர்கள் விரும்பித் தேர்ந்து அதைப் பழக்குவதும் இந்தச் சீரை வலுவாக்குகிறது.

தமிழில் இது சீக்கிரம் கண்ணில் படும். நாம் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுகிறோம். 'இறக்கி, வடிகட்டி, அடுப்பில் ஏற்றினால்' என்று எச்சங்களாலேயே மூன்று செயலைக் கோத்துவிடலாம். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்ட தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் 'இது' வந்து உட்கார்கிறது. வினை கடைசியில் வருவதால் வால் பக்கமும் கிறது, கிறது என்று ஒரே தாளம். அதனால் நான் இப்போது கடைசிச் சொற்களையும் எழுதிப் பார்க்கிறேன். அப்புறம் இரண்டு பத்திகளை இடம் மாற்றுவேன். மாற்றியும் ஒன்றும் கெடவில்லை என்றால், ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்குப் போக அந்த எழுத்துக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இந்தச் சோதனையை நம்பி ஒருமுறை அசடு வழிந்தேன். சில மாதம் கழித்து ஊர்க் கிணறு தூர்வாரியது பற்றி ஒரு கட்டுரை. மேலும், மேலும், எனவே. பத்திகள் அளந்து வெட்டியவை. சந்தேகத்தோடு போன் செய்து, "ஐயா, இதை நீங்களே எழுதினீர்களா?" என்று கேட்டுவிட்டேன். எதிர்முனையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை சொல்லிக் கொடுத்தவன் தம்பி, வேறெப்படி எழுதுவேன்?" என்றார். தேர்வுக் கட்டுரை, அரசுச் செய்திக்குறிப்பு எல்லாமே இந்த அச்சில் வார்த்தவைதானே. ஒப்பாரியில்கூடப் பல அடிகள் ஒரே சொல்லில் ஆரம்பிப்பதுண்டு. அங்கே ஒவ்வோர் அடியும் போனவரைப் பற்றி இன்னொன்றைக் கொண்டுவரும்.

அதனால் திரும்பி வரும் சொற்களைப் பார்த்தால் சந்தேகப்படுகிறேன், தீர்ப்புச் சொல்வதில்லை. எழுதியவரிடம் கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேட்பேன். அன்று கிணற்றடியில் சேறு எவ்வளவு இருந்தது என்று கேட்டதற்கு, இடுப்பளவு என்றார். உள்ளே இறங்கிய பையன் பித்தளைச் செம்பு ஒன்றோடு ஏறி வந்ததையும், அது தன்னுடையது என்று மூன்று வீட்டுக்காரர்கள் சண்டை போட்டதையும் கால் மணி நேரம் சொன்னார். கட்டுரையில் செம்பு இல்லை.

"அதை எழுதுங்கள் ஐயா" என்றேன். எழுதி அனுப்பினார். செம்புக்கு மட்டும் ஒரு பக்கம். 'மேலும்' எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இரண்டை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். விட்டுவைத்தேன்.