சரக்கு பீளமேட்டில், கோர்ட் மும்பையில்

போன வாரம் புதிய விநியோகஸ்தருடன் ஒப்பந்தம் முடிந்தது. விலை, கமிஷன், வாரண்டி எல்லாம் ஒரே பேச்சில் படிந்துவிட்டன. இழுத்தது ஆர்பிட்ரேஷன் ஷரத்தில், அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவரை வைத்துத் தீர்க்கும் ஷரத்தில், வரும் ஒரே ஒரு வரி. அதை நான் விடாததற்குக் காரணம் பழைய விநியோகஸ்தர்.

மும்பைக்காரரான அவர் பாக்கி வைத்துவிட்டு, பீளமேட்டு குடோனில் இருந்த எங்கள் பம்புசெட்டுகளை வெளியே எடுக்கப் பார்த்தார். ஆர்பிட்ரேஷன் சட்டம் பிரிவு 9-இன் கீழ் இடைக்காலத் தடை கேட்டுக் கோவையில் மனுப் போட்டோம். சரக்கு கோவையில், நாங்களும் கோவையில். ஆனால் அவர்கள் அச்சடித்துத் தந்த ஒப்பந்தத்தில் "ஆர்பிட்ரேஷன் மும்பையில் நடைபெறும்" என்று இருந்தது. மாறான குறிப்பு எதுவும் இல்லாதபோது இப்படிச் சொல்லப்படும் ஊரே சட்டப்படி 'சீட்', அந்த ஊர் நீதிமன்றத்துக்கே மேற்பார்வை அதிகாரம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பிஜிஎஸ் சோமா வழக்கில் சொல்லியிருக்கிறது. மனு திரும்பி வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல் பிடித்துப் போவதற்குள் குடோன் காலி. இன்னும் வயிறு எரிகிறது.

இந்த முறை "சீட் கோயம்புத்தூர்" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த வரைவில் "சீட் மும்பை, விசாரணை கோயம்புத்தூரில்" என்று மாற்றியிருந்தார்கள். பார்க்க நமக்குச் சாதகமாகத்தான் தெரியும். எங்கள் வக்கீல் அண்ணன் படித்ததும், "தம்பி, இதுல கையெழுத்துப் போட்டுறாதீங்க. நடுவர் இங்க வந்து உக்காருவாருங்க, ஆனா தடை வாங்கவும் தீர்ப்பை ரத்துப் பண்ணக் கேக்கவும் மும்பைக்குத்தானுங்க போகணும்" என்றார். பிரிவு 20-இன்படி நடுவர் வசதிக்காக எந்த ஊரிலும் அமரலாம். அதனால் சீட் மாறாது.

கடைசியில் நின்றது இது: "ஆர்பிட்ரேஷனின் சீட் கோயம்புத்தூர். அமர்வு வேறு ஊரிலோ காணொலியிலோ நடந்தாலும் சீட் மாறாது." இனித் தடை கேட்கும் பிரிவு 9 மனுவும், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு 34 மனுவும் கோவையிலேயே. நடுவரை நியமிப்பதில் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் போக வேண்டும். சீட்டை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக அவர்கள் விசாரணையைக் காணொலியில் நடத்தக் கேட்டார்கள். சரி என்றேன், அதில் எனக்கு நஷ்டமில்லை.

தீர்ப்புத் தொகையை வசூலிக்கும் நிறைவேற்று மனுவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எதிராளியின் சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே நேராகப் போடலாம். அதனால் "சொத்தெல்லாம் மும்பையில் இருக்கும்போது சீட் மட்டும் கோவையில் எதற்கு" என்று யாராவது கேட்டால் மயங்க வேண்டாம்.

பில்லையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "மும்பை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று இருக்கும். ஒப்பந்தத்தோடு அது மோதினால் எந்த ஊர் என்பதற்கே தனிச் சண்டை வரும். முரண்பட்டால் ஒப்பந்த ஷரத்தே செல்லும் என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.