ஒரு 'எ' பறித்த மதிப்பெண்கள்

தேர்வு முடிவு நேற்று வந்தது. இந்த முறை தேறிவிட்டேன். போன முறை இரண்டே மதிப்பெண்ணில் கோட்டைவிட்டேன். ஆங்கில அளவுச்சொல் கேள்விகள் ஐந்தில் மூன்று தப்பு. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லுக்கு ஃபியூ, மெனி. எண்ண முடியாததற்கு லிட்டில், மச். இது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோடிட்ட இடத்துக்கு அடுத்த சொல்லை மட்டும் பார்த்துவிட்டு விடையைக் குறித்தேன். ஆனால் 'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டுமே அந்தச் சோதனையைத் தாண்டிவிடும்.

என்னைக் கவிழ்த்த கேள்வி இது: 'ஹி ஹேட் ____ ஃபிரெண்ட்ஸ், ஸோ ஹி ஃபெல்ட் லோன்லி.' சில நண்பர்கள் இருந்திருப்பார்கள் என்று 'எ ஃபியூ' போட்டேன். பின்பாதியில் அவன் தனிமையில் வாடுகிறான், அதைப் படிக்கவே இல்லை. வெறும் 'ஃபியூ' என்றால் 'அவ்வளவாக இல்லை' என்று கைவிரிப்பது. 'எ ஃபியூ' என்றால் 'சிலராவது இருந்தார்கள்' என்ற ஆறுதல். இரண்டிலும் ஆள் கணக்கு மூன்றாகவே இருக்கலாம். மாறுவது சொல்பவர் அதைப் போதும் என்று பார்க்கிறாரா, போதாது என்று பார்க்கிறாரா என்பதுதான்.

ஆகவே இப்போது பின்பாதியைத்தான் முதலில் படிக்கிறேன். அப்புறம் கோடிட்ட இடத்தில் தமிழில் 'அவ்வளவாக இல்லை' என்று போட்டுப் பார்ப்பேன். பொருந்தினால் 'எ' கிடையாது. மேலே உள்ள வாக்கியத்தில் 'ஸோ' போய் 'பட்' வந்தால் விடையும் புரண்டுவிடும்: நண்பர்கள் சிலர் இருந்தும் தனிமை, எனவே 'எ ஃபியூ'. என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்குத்தான் இந்த வழி. நிதானமாகப் படிப்பவர்களுக்குத் தேவைப்படாது.

மற்றவை சுருக்கமாக:

- 'ஒன்லி' வந்தால் 'எ' வேண்டும்: ஒன்லி எ ஃபியூ. 'வெரி' வந்தால் கூடாது: வெரி ஃபியூ.
- 'குவைட் எ ஃபியூ' என்றால் நிறைய. இதில் மாட்டாதவர் குறைவு.
- பணத்தை எண்ணுகிறோம், ஆனாலும் 'மனி'க்கு 'மச்' தான். நாம் எண்ணுவது நோட்டையும் நாணயத்தையும். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், கடைசியில் 'ஸ்' இருந்தாலும் நியூஸ், எல்லாம் இதே கதை.
- 'ஐ ஹேவ் மச் மனி' காதுக்கு ஒட்டாது, அங்கே 'எ லாட் ஆஃப்' போடுங்கள். கேள்வியிலும் எதிர்மறையிலும் 'மச்' இயல்பாக வரும். 'டூ மச்', 'ஸோ மச்' எங்கேயும் சரி.

இந்த முறை வந்தது: 'தேர் வாஸ் ____ டைம் லெஃப்ட், ஸோ வி ஹரீட்.' ஓடியிருக்கிறார்கள், அப்படியானால் நேரம் அவ்வளவாக இல்லை. 'எ' இல்லாமல் 'லிட்டில்' என்று குறித்துவிட்டு, பழைய பயத்தில் இன்னொரு முறை பின்பாதியைப் படித்தேன்.