வலியே இல்லாத ரத்தச் சிவப்பு

சனிக்கிழமை காலையில் முகம் கழுவித் திருநீறு பூசியபோதுகூட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காபி டம்ளரை நீட்டிய வீட்டுக்காரம்மாதான் பதறிப்போனார். "ஏனுங்க, கண்ணுல என்னங்க இப்புடி ரத்தம்?"

ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். வலது கண்ணில், காதோரப் பக்கத்து வெள்ளைவிழி முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. கண் எரிச்சலில் சிவந்தால் நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். இதில் கோடே இல்லை. குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல ஒரே திட்டு. கருவிழி ஓரம் வரைக்கும் வந்து, அங்கே கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தது. வலி இல்லை, உறுத்தல் இல்லை, பார்வையும் எப்போதும்போலத்தான். யாரும் சொல்லாமல் இருந்தால் சாயங்காலம் வரை எனக்குத் தெரிந்தே இருக்காது.

கோபிக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறந்து அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிட்டது. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார் ஒருவர். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொன்னார் இன்னொருவர். யூரியா வாங்க வந்த மாமா மட்டும் "மெட்ராஸ் ஐ ஆட்டமிருக்குது, அப்புறமா வாரேன்" என்று அக்கட்டாலேயே நின்று திரும்பிப் போனார். மருந்துக்கடையில் கேட்டதற்கு, ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், ஆனால் விடவில்லை. வலியே இல்லாத கண்ணுக்கு எதற்கு மருந்து என்று ஒரு தயக்கம்.

பதினோரு மணிக்கு மேல் கண் டாக்டரம்மாவிடம் போனேன். முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன், இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. அப்புறம் தாடையை வைத்துப் பார்க்கும் கருவி. டாக்டரம்மா மேலே, கீழே, மூக்குப் பக்கம் என்று பார்க்கச் சொல்லிக்கொண்டே கேட்டார்: "அடி கிடி பட்டுதுங்களாண்ணா? காலைல எந்திரிச்சப்போ பீளை கட்டி இமை ஒட்டியிருந்துச்சுங்களா? வெளிச்சம் பார்த்தாக் கூசுதுங்களா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

மூக்குப் பக்கம் பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறதாம். அப்போது காதோரத்துச் சிவப்பின் பின்பக்க எல்லை தெரியும். எனக்கு அது தெரிந்தது, அதற்குப் பின்னால் வெள்ளை இருந்தது. தலையிலோ முகத்திலோ அடிபட்டு வந்தவருக்கு அந்த எல்லையே தெரியாமல் சிவப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கதை வேறு. எலும்பு விரிசல் விட்டு, ரத்தம் பின்னாலிருந்து கசிந்து வந்திருக்கலாம். அவரை உடனே ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.

பிறகு விளக்கினார். வெள்ளைவிழிக்கு மேலே கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஒரு தோல் இருக்கிறது. அதில் மயிரிழையைவிடச் சன்னமான ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று வெடித்தால் கசியும் ரத்தம் போக இடமில்லாமல் அந்தத் தோலுக்கு அடியிலேயே பரவுகிறது. ஒரு சொட்டுக்கும் குறைவான ரத்தமே கண் முழுக்கத் தெரியும். கருவிழி ஓரத்தில் அந்தத் தோல் இறுக ஒட்டியிருப்பதால் ரத்தம் அதைத் தாண்டுவதில்லை. வெட்டினாற்போன்ற எல்லை அதனால்தான். கருவிழிக்குள் வராததால் பார்வையும் கெடுவதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். கையில் அடிபட்டு ரத்தம் கட்டினால் நீலம் பாரிக்கிறது, இது மட்டும் ஏன் இத்தனை பளிச்சென்று சிவப்பு? "அந்தத் தோல் ரொம்ப மெலிசுங்கண்ணா. காத்துல இருக்கிற ஆக்சிஜன் அது வழியா உள்ள போயிருது. அதனால ரத்தம் சிவப்பாவே நிக்குது" என்றார்.

ஏன் வெடித்தது என்பதற்குத்தான் நேரான பதில் கிடைக்கவில்லை. ஒரு வாரமாக எனக்கு வறட்டு இருமல். முந்தின நாள் ஆள் வராததால் 45 கிலோ யூரியா மூட்டைகளை நானே இறக்கி அடுக்கினேன். மூச்சைப் பிடித்து மூட்டை தூக்கினாலும், இருமினாலும், தும்மினாலும், முக்கினாலும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறித் தலையிலிருந்து இறங்கும் ரத்தம் கொஞ்சம் தேங்கும். சன்னக் குழாய் அதில் விட்டுப்போகலாம். சிலருக்கு எந்தக் காரணமும் இல்லாமலேயே வருமாம், தூக்கத்தில் கண்ணைக் கசக்கினாலும் வருமாம்.

அப்புறம் பிரஷர் பார்த்தார்கள். 164/98. பயத்தில் ஏறியிருக்கும் என்று அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தபோது 158/96. எனக்கு 53 வயது, அதுவரை பிரஷர் பார்த்ததே இல்லை. "இருமலா, மூட்டையா, பிரஷரான்னு கண்ணு சொல்லாதுங்க. ஆனா இதை விட்டராதீங்க" என்று, ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பார்த்து எழுதிவைக்கச் சொன்னார். எழுதினேன். 150/94-ஐ ஒட்டியே இருந்தது. அந்தச் சீட்டோடு எங்கள் குடும்ப டாக்டரிடம் போய், இப்போது தினம் ஒரு மாத்திரை.

ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். நான் இல்லை, ஸ்டென்ட் வைத்த என் அண்ணன் சாப்பிடுகிறார், அவருக்கு இப்படி வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா என்றேன். கண் சிவப்புக்குப் பயந்து தானாக நிறுத்தக்கூடாது, ஆபத்து நெஞ்சுக்குத்தான், எழுதிக்கொடுத்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்றார். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பார்களாம். பல்ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வந்தாலோ, இதே சிவப்பு அடிக்கடி திரும்பி வந்தாலோ ரத்தப் பரிசோதனை உண்டு.

சட்டைப் பையிலிருந்த சொட்டு மருந்தைக் காட்டினேன். திருப்பிப் படித்தார். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. என் கண்ணில் கிருமியே இல்லை, ஆன்டிபயாடிக் எதைக் கொல்லும்? டாக்டரிடம் காட்டாமல் ஸ்டீராய்டை விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடலாம். குப்பைத் தொட்டிக்குப் போனது. எனக்கு எழுதியது இருமலுக்கு மருந்தும், உறுத்தினால் மட்டும் விட ஈரப்பசைச் சொட்டும். கசக்காதீர்கள், கொஞ்ச நாள் மூட்டை தூக்காதீர்கள், அவ்வளவுதான்.

மறுநாள் திட்டு பெரிதாகி, கீழ்ப்பக்கமும் இறங்கியிருந்தது. முதல் ஓரிரு நாள் அப்படிப் பரவும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோதான் ஓடிவரச் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் ஓரங்கள் செங்கல் நிறம். ஒன்பதாம் நாள் சிவப்பு நடுவில் கொஞ்சம்தான், சுற்றிலும் மஞ்சள். அடிபட்ட இடம் நிறம் மாறுமே, அதே மாதிரி.

அந்த மஞ்சளில் வந்தது அடுத்த வம்பு. நோம்பிக்கு ஒறம்பரையாக வந்த அத்தை என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காமாலை கண்ணு, சந்தேகமே இல்ல" என்று வாய்க்கால் ஓரம் கீழாநெல்லி பறிக்கக் கிளம்பிவிட்டார். காமாலை என்றால் இரண்டு கண்ணும் மஞ்சளாகும், இங்கே பாருங்கள், இடது கண் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது என்று இமையை இழுத்துக் காட்டிய பிறகுதான் திரும்பினார். அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. பதினேழாம் நாள் மஞ்சள் போகிறவரை தினமும் காலையில் போன் போட்டு, "அந்தக் கண்ணு இன்னும் வெள்ளையாத்தான இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.